தூங்க இடம் தேடிய பட்டம்

காலிமுகத்திடலில் ஒரு சிவப்புப் பட்டம் இருந்தது. பட்டத்துக்கு ஆங்கிலத்தில் கைட். "கைட், கைட்" என்று கூப்பிட்டால் வாலை ஆட்டும்!

ஒருநாள் நூல் அறுந்துவிட்டது. கைட் கடலோரமாகவே பறந்து பறந்து வெள்ளவத்தைக்கு வந்தது. கீழே கடகடவென்று ரயில். ரயில்தான் ட்ரெயின். "ட்ரெயின், நான் எங்கே தூங்குவது?" ட்ரெயினுக்கு அவசரம். கூ... போயே போய்விட்டது.

மேலே நிலா. அதுதான் மூன்.

"மூன், எனக்குக் குளிருது."

மூன் சிரித்தபடி ஒரு யன்னலில் வெளிச்சம் அடித்தது. உள்ளே அம்மம்மாவின் மடியில் ஒரு குட்டிப்பிள்ளை, உன்னைப் போலவே. எட்டிக் கைட்டைப் பிடித்து, தலையணைக்குப் பக்கத்தில் வைத்தது.

"குட் நைட், கைட்."

வால் ஒருதரம் ஆடியது. பிறகு ஆடவே இல்லை. உஷ்ஷ்...