பாதை பிந்திட்டு

"வணக்கம் சேர். பாதை பிந்திட்டு, குறை நினைக்காதிங்க."

மட்டக்களப்பு ரயில் நிலைய வாசலில், பெட்டியை டிக்கிக்குள் வைக்கப் போன என் கை அப்படியே நின்றது. கொழும்பிலிருந்து வந்த இரவு ரயிலே முக்கால் மணி நேரம் தாமதம். அதற்கும் பிறகு இருபது நிமிடம் வாசலில் நின்று கொதித்துக்கொண்டிருந்தேன். வாய்க்குள் ஒரு ஏச்சு தயாராக இருந்தது. இந்த ஒரு வரியில் அது எங்கே போனதென்று தெரியவில்லை.

பாதை என்றால் வெளியூர்க்காரர் ரோட்டை நினைப்பார்கள். எங்களுக்குப் பாதை என்பது வாவியைக் கடக்கும் மிதவை. ஆளும் மாடும் சைக்கிளும் வேனும் ஒன்றாக ஏறி, மண்முனையில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்த தட்டையான இரும்புத் தளம். 2014இல் ஜப்பான் உதவியில் அங்கே பாலம் வந்துவிட்டது. பாதையே இல்லாத ஊரில் அது பிந்திவிட்டதென்று சாட்டுச் சொல்கிற ஆள் யார்?

சொல்லும்போது இடது கை பிடரிக்குப் போனது. அதுதான் காட்டிக்கொடுத்தது.

"தவராசா?"

கறுத்த கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். முன்வழுக்கை, தொந்தி, சட்டைப்பையில் இரண்டு போன். என் முகத்தில் எதையோ தேடினான். பிறகு சிரித்தான்.

"டேய்... மொனிட்டர்!"

என் பெயர் மோகன். அது அவனுக்கு நினைவு வரவில்லை, மொனிட்டர் என்பதுதான் வந்தது. அதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

மைத்துனி கொக்கட்டிச்சோலையில் வீடு கட்டிக் குடிபூருகிறாள். மனைவி பிள்ளைகளோடு முதலே வந்துவிட்டாள். எனக்கு லீவு கிடைத்தது ஒரு நாள்தான். சுபநேரம் 8.10க்கு. மைத்துனர் அனுப்பிய நம்பரில் 'டக்சி' என்று மட்டும்தான் இருந்தது.

"வலையிறவால போவமா, மண்முனையால போவமா?" என்றான்.

"மண்முனையால போ."

"எனக்குத் தெரியும், நீ அப்பிடித்தான் சொல்லுவாய்."

2000ஆம் ஆண்டு நாங்கள் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் எழுவான்கரையில், ஆரையம்பதிக்குப் பக்கத்தில். படுவான்கரையிலிருந்து பாதையேறி வருகிற பிள்ளைகள் எங்கள் வகுப்பில் நாலு பேர். மூன்று பேர் மணி அடிக்க முன்னம் வந்துவிடுவார்கள். தவராசா மட்டும் சேர் இடாப்புக் கூப்பிட்டு முடிகிற நேரத்தில் வாசலில் நின்று, பிடரியைச் சொறிந்துகொண்டு, "பாதை பிந்திட்டு சேர்" என்பான். வகுப்பே கொல்லென்று சிரிக்கும். அதே பாதையில் வந்த மூன்று பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். பிறகு அவன் பெயரே 'பாதை' ஆகிவிட்டது.

பிந்தி வந்தவர்களின் பெயரை எழுத ஒரு நாற்பது பக்கக் கொப்பி இருந்தது. அதை வைத்திருந்தது நான். ஒரு பெயருக்கு ஓர் அடி. நல்ல கையெழுத்து என்று சேர் என்னிடம் கொடுத்தார். நானும் சிவப்பு மையில், கோடு போட்டு, திகதி போட்டு, அழகாக எழுதினேன். இப்போது நினைத்தால் அந்த அழகுதான் உறுத்துகிறது.

கல்லடிப் பாலத்தில் ஏறும்போது வாவியில் வெயில் விழுந்திருந்தது. பழைய இரும்புப் பாலத்தில் இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். காத்தான்குடியில் நடு ரோட்டுப் பேரீச்சை மரங்கள் வரும்வரை யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதையே பேசினோம். ஒருவன் கட்டாரில், ஒருவன் கனடாவில். ஒருவனைச் சுனாமி கொண்டுபோனது. அவன் பெயர் வந்ததும் தவராசா ரேடியோவை நிறுத்தினான். ஆரையம்பதி வரை மறுபடி போடவில்லை.

"நீ ஏன்டா ஓயெல் எடுக்கல்ல?"

"எடுத்தநான். வேற பள்ளிக்கூடத்தில. உன்ட கொப்பி இல்லாத பள்ளிக்கூடம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் வெளியே பார்த்தேன்.

ஆரையம்பதி தாண்டி வலப்பக்கம் திரும்பியதும் அவனே தொடங்கினான்.

"ஒண்டு சொல்லட்டா மச்சான்? பாதை ஒரு நாளும் பிந்தல்ல."

"தெரியும். மற்ற மூன்று பேரும் வந்தாங்கள்தானே."

"அவனுகளோட அதே பாதையிலதான் நானும் வாற. அம்மா தயிர் தந்து விடுவா. ஆறு சட்டி. இஞ்சால இறங்கினா ஆமிக்காரன் சாமானெல்லாம் பாப்பான். எல்லாச் சட்டியையும் தொடமாட்டான், ஒண்டு ரெண்டுக்குள்ள கம்பிய விட்டுப் பாப்பான். கம்பி விட்ட தயிர் தண்ணி விட்டிரும், கடைக்காரன் எடுக்கமாட்டான். நாலு சட்டியக் கடைக்குக் குடுத்திட்டு, மறுகா அந்த ரெண்டையும் வீடு வீடாப் போய் அரை விலைக்கு வித்துப்போட்டுத்தான் பள்ளிக்கு வாற."

எருமைத் தயிருக்குப் படுவான்கரை பேர்போன இடம். அவன் வெள்ளைச் சேட்டில் எப்போதும் ஒரு புளித்த வாடை இருக்கும். அவனுக்குப் பக்கத்தில் இருக்க யாரும் விரும்பியதில்லை, நானும்தான். அந்த வாடைக்குக் காரணம் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"சேருக்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா? 'தயிர்க்காரன்' எண்டு பட்டம் வைப்பிங்க. அதான் பாதைட தலையில போட்டன்." ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். "கடைசியில பாதை எண்டே வச்சிட்டிங்க. தயிர விட அது பரவால்ல."

பாலம் வந்தது. இப்போது கடக்க ஒரு நிமிடம்கூட எடுப்பதில்லை. நடுவில் காரை மெதுவாக்கி, நாடியால் இடப்பக்கத் தண்ணீரைக் காட்டினான். "அதிலதான்." எனக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. ஒரு தோணி, வலை வீசுகிற ஒரு கிழவர். பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்ததும் காரை எடுத்தான்.

"அந்தக் கொப்பிக்கு..." என்று தொடங்கினேன்.

"விடு கா. நீ எழுதாட்டி வேறொருத்தன் எழுதியிருப்பான்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா உன்ட எழுத்து வடிவு. அடி விழக்க அதத்தான் பாத்துக்கிட்டு நிப்பன்" என்றான்.

அதற்கு என்ன சொல்வது? நான் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு, உள்ளே பால் பொங்க அடுப்பு மூட்டும் புகை. மணி 7.55. 3,000 ரூபா பேசியிருந்தோம். ஐந்தாயிரம் தாளை நீட்டி, மிச்சம் வேண்டாமென்றேன். சட்டைப்பைக்குள் கையை விட்டு இரண்டு ஆயிரம் தாள்களை எண்ணி என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டான்.

"இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போடா. தயிரும் இருக்கும்."

"ஐயோ, தயிரா? பிறகொரு நாளைக்கு. களுவாஞ்சிக்குடியில ஒரு ஹயர் இரிக்கி, எட்டு மணிக்கு."

"எட்டு மணிக்கா? இப்பவே ஐஞ்சு நிமிசம்தான் இரிக்கி!"

அவன் காரைப் பின்னால் எடுத்துத் திருப்பும்போதே போன் அடித்தது. கண்ணாடி இறக்கித்தான் இருந்தது.

"ஓம் சேர், ஓம், வந்துக்கிட்டிரிக்கன்..." இடது கை பிடரிக்குப் போனது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "இல்ல சேர், பாதை கொஞ்சம் பிந்திட்டு."