'சாவித்துளை' ஆவணப்படத்திற்கு நிதியுதவி கோரும் கடிதம்

திண்டுக்கல்
12.01.2026

அனுப்புநர்:
செயலாளர், மாணவர் திரைப்படக் கழகம்,
கலை அறிவியல் கல்லூரி, திண்டுக்கல்.

பெறுநர்:
உயர்திரு சண்முகம் அவர்கள்,
உரிமையாளர், இரும்பு மற்றும் பூட்டு விற்பனை நிலையம்,
மேற்கு ரத வீதி, திண்டுக்கல்.

பொருள்: பூட்டுத் தொழிலாளர்கள் பற்றிய மாணவர் ஆவணப்படத்திற்கு ரூ.20,000 நிதியுதவி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கல்லூரியின் திரைப்படக் கழகம் இந்த ஆண்டு 'சாவித்துளை' என்ற 20 நிமிட ஆவணப்படத்தை எடுக்கிறது. நாகல் நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இன்றும் கையால் பூட்டு செய்பவர்களைப் பற்றிய படம் இது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அது நம் ஊருக்குப் பெருமைதான். ஆனாலும் பட்டறைகளில் அப்பாவுக்குப் பிறகு உட்காரப் பிள்ளைகள் இல்லை. இயந்திரத்தில் தயாராகி வரும் மலிவான பூட்டுகளோடு விலையில் போட்டி போடவும் முடிவதில்லை. இப்போது வேலை செய்யும் கைகளை இப்போதே பதிவு செய்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம்.

தங்களிடம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. இயந்திரப் பூட்டுகள் நிறைந்த கடைவீதியில், கையால் செய்த மாங்காய்ப் பூட்டைத் தாங்கள் இன்னும் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி முன்வரிசையில் வைத்திருக்கிறீர்கள். இந்தத் தொழிலின் அருமையைத் தங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

கேமரா எங்களிடம் இருக்கிறது. ஒலிப்பதிவுக் கருவிதான் இல்லை. இந்தப் படத்திற்கு ஒலி மிக முக்கியம். பித்தளையை அரம் தேய்க்கும் ஓசை, லீவர்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி, சாவியைத் திருகிப் பார்த்து, சரியில்லை என்று மறுபடி பிரிக்கும்போது எழும் சத்தம், கடைசியில் எல்லா லீவரும் ஒன்றாக நகரும்போது கேட்கும் அந்த ஒரே 'டக்'. வேலை முடிந்ததா என்பதைத் தொழிலாளி காதால்தான் அறிகிறார். கேமராவிலேயே உள்ள மைக்கில் பதிவு செய்தால் தெருவில் போகும் வண்டிச் சத்தம்தான் மிஞ்சும்.

மொத்தச் செலவு ரூ.46,000. ஒலிக்கருவிகளின் நான்கு நாள் வாடகை 12,000, ஒலிக்கலவைக்கும் வண்ணச் சீரமைப்புக்கும் 10,000, போக்குவரத்துக்கும் உணவுக்கும் 9,000, ஹார்டு டிஸ்க்குகளுக்கு 7,000. மீதி 8,000 ரூபாய் தொழிலாளர்களுக்கு. படப்பிடிப்புக்காக அவர்கள் வேலையை நிறுத்தும் நேரத்திற்குரிய கூலியைக் கொடுக்காமல் படம் எடுப்பதில்லை என்று கழகத்தில் முடிவு செய்திருக்கிறோம். கல்லூரி நிர்வாகம் 8,000 ரூபாய் தந்திருக்கிறது. உறுப்பினர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து 18,000 திரட்டியிருக்கிறோம். குறையும் 20,000 ரூபாயைத் தங்களிடம் கேட்கிறோம்.

அதற்கு ஈடாக, படம் தொடங்குவதற்கு முன் "ஒலிப்பதிவுக்கு உதவியவர்கள்" என்ற வரியின் கீழ், தங்கள் கடையின் பெயர், கடைப் பலகையில் உள்ள அதே எழுத்தமைப்பிலும் சின்னத்துடனும் ஐந்து விநாடிகள் தனியாகத் திரையில் நிற்கும். இறுதிப் பெயர்ப் பட்டியலிலும் நன்றி அறிவிப்பு வரும். சுவரொட்டிகளிலும் அழைப்பிதழிலும் கடையின் பெயர் இருக்கும். பின்னர் யூடியூபில் வெளியிடும்போது படக்குறிப்பிலும் முகவரியோடு சேர்ப்போம். திரையில் வரும் எழுத்துகளைத் தங்களிடம் காட்டி, ஒப்புதல் பெற்ற பிறகே படத்தில் இணைப்போம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. படத்தின் நடுவில் கடையையோ பொருள்களையோ விளம்பரமாகக் காட்ட இயலாது. பட்டறையில் ஒருவர் தம் கூலி போதவில்லை என்று சொன்னால் அதையும் நீக்க மாட்டோம். படம் நம்பத்தக்கதாக இருந்தால்தான் அதில் வரும் தங்கள் பெயருக்கும் மதிப்பு இருக்கும் என்று நம்புகிறோம்.

முழுத் தொகையும் இயலாவிட்டால் 10,000 ரூபாய் தந்தாலும் பேருதவியாக இருக்கும். அப்போது தொடக்கத்தில் தனித் திரை இராது. இறுதிப் பட்டியல், சுவரொட்டி, அழைப்பிதழ் ஆகியவற்றில் பெயர் இடம்பெறும். தொகையைக் கல்லூரி முதல்வர் பெயருக்குக் காசோலையாக வழங்கலாம். அலுவலக ரசீது உடனே தரப்படும். படம் முடிந்ததும் செலவுக் கணக்கைப் பற்றுச்சீட்டுகளின் நகல்களோடு தங்களிடம் ஒப்படைப்போம்.

வகுப்புகளுக்கு இடையூறு இல்லாமல் பிப்ரவரி 7, 8, 14, 15 ஆகிய சனி, ஞாயிறுகளில் படப்பிடிப்பு நடத்துகிறோம். ஒலிக்கருவிகளுக்கு முன்பணம் கட்ட ஜனவரி 31ஆம் தேதிக்குள் முடிவு தெரிந்தால் நல்லது. மார்ச் மாதம் கல்லூரி அரங்கில் முதல் திரையிடல். பூட்டு செய்தவர்களும் அவர்கள் குடும்பத்தினரும் முன்வரிசையில் அமர்வார்கள். தாங்களும் குடும்பத்துடன் அவர்களோடு அமர்ந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

ஜனவரி 24, சனிக்கிழமை காலை, கடையில் கூட்டம் சேரும் முன், எங்கள் பொறுப்பாசிரியருடன் நேரில் வந்து திரைக்கதைச் சுருக்கத்தைக் காட்ட அனுமதி வேண்டுகிறோம். வேறு நேரம் வசதி என்றால் கல்லூரி அலுவலகத்தில் தெரிவித்தால் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
கயல்விழி
செயலாளர், மாணவர் திரைப்படக் கழகம்
(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

இணைப்பு: முதல்வரின் அனுமதிக் கடித நகல், செலவு மதிப்பீடு.