கிளிநொச்சியில் மளிகைச் செயலி: பருப்புக்குச் சரி, கீரைக்குச் சந்தை

5க்கு 3 நட்சத்திரம்

கரடிப்போக்குப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்கு மாதச் சாமான்களை இதில்தான் எடுக்கிறோம். பருப்பு, சீனி, பால்மா, சவர்க்காரம் ஒழுங்காக வரும். தேதி முடிந்தது ஒன்றும் வந்ததில்லை.

பெரிய குறை மாற்றுப் பொருள்தான். மொட்டைக்கறுப்பன் கேட்டால் வெள்ளை நாட்டரிசி வருகிறது. இரண்டும் அரிசிதானே என்று கடைக்காரர் நினைக்கலாம், அம்மா நினைக்கமாட்டார். செக்கு நல்லெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் வந்ததும் உண்டு. ஓடர் போடும்போது ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ‘மாற்று வேண்டாம்’ என்பதைத் தட்டிவிடுங்கள். மொத்தமாக நிறுத்த வழியில்லை.

கரட், லீக்ஸ், கிழங்கு பரவாயில்லை. வல்லாரையும் முருங்கையிலையும் பொலித்தீன் பைக்குள் வேர்த்து, வாடி வருகின்றன. அவற்றுக்குச் சந்தைக்கே போகலாம்.

மாலை 5 முதல் 7 வரை என்று நேரம் எடுத்தால் எட்டரைக்குத்தான் வாசலில் ஹோர்ன் கேட்கும். மழை நாளில் இன்னும் பிந்தும். கொண்டுவரும் தம்பியைக் குறை சொல்லமாட்டேன்: ஒரே ஆளிடம் பரந்தன் ஓடரையும் சேர்த்துக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? காலை நேரம் பெரும்பாலும் பிசகுவதில்லை.

உடைந்த முட்டைக்குப் படம் அனுப்பினேன், அன்றே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் காசு அட்டைக்குத் திரும்பவில்லை, செயலியின் பணப்பைக்குள் போனது. வங்கிக்கே வேண்டும் என்று எழுதிக் கேட்ட பிறகு ஒரு கிழமையில் வந்தது. கேட்காவிட்டால் அங்கேயே கிடக்கும். மற்ற முறைப்பாடுகளைவிட அரிசிக்குத்தான் கூட இழுபறி: ‘மாற்றை நீங்கள் வாங்கிக்கொண்டீர்களே’ என்றார்கள். பையைத் தம்பி நிற்கும்போதே பிரித்துப் பாருங்கள்.