நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் தகப்பனார் பேசியது

சபையோருக்கு வணக்கம். தஞ்சாவூரிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி வந்திருக்கும் சம்பந்தி வீட்டாரை எங்கள் நெல்லைச் சீமை வருக வருக என்று வரவேற்கிறது. என் மைத்துனர் "சுருக்கமாகப் பேசுங்கள் அத்தான்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அவருடைய கவலை நியாயமானதுதான்.

பெண் பார்க்க நீங்கள் வந்த அன்று மாலை, காபி டம்ளரைக் கையில் எடுத்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. தெருவெல்லாம் விளக்கு எரிகிறது, எங்கள் வீடு மட்டும் இருட்டு. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருக்கும் பெண்ணின் வீட்டில் இப்படி! கயல்விழி பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலியைப் போட்டு ஏறி, ஃபியூஸைக் கழற்றினாள். மாப்பிள்ளை எழுந்து போய்க் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நகருங்கள், நான் பார்க்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வெளிச்சம் போதுமா?" என்று மட்டும் கேட்டார். ஜாதகப் பொருத்தத்தை ஜோசியர் பிறகு பார்த்தார். என் மனம் அந்த நாற்காலியடியிலேயே முடிவு செய்துவிட்டது. அந்த இருட்டில் பஜ்ஜித் தட்டு எப்படிக் காலியானது என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சம்பந்தியம்மா, உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மிக்ஸி கெட்டுப்போனால் கயல் சரிசெய்துவிடுவாள். அதில் சட்னி அரைக்கச் சொன்னால்தான் சிரமம். மாப்பிள்ளை நன்றாகச் சமைப்பார் என்று கேள்விப்பட்டதில் எங்களுக்குப் பெரிய நிம்மதி. கல்யாணத்துக்கு மறுநாள் தேங்காய்ப்பாலில் சொதி வைத்து, இஞ்சித் துவையலோடு மாப்பிள்ளைக்குப் பரிமாறுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதை என் மனைவியே செய்வாள், பயப்பட வேண்டாம்.

சீர்வரிசை பற்றி நீங்களும் கேட்கவில்லை, நாங்களும் பேசவில்லை. பெண்ணைப் பெற்றவன் என்ற முறையில் நான் கேட்பது ஒன்றுதான். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன் வரை தண்ணீர் நின்றபோது, இவள் வீட்டுக்கே வராமல் துணைமின் நிலையத்தில் கிடந்தாள். நாளை உங்கள் ஊருக்கு மாற்றல் கிடைத்தாலும் வேலை இதே வேலைதான். ஐப்பசி மழையில் நடுராத்திரி போன் வரும், எழுந்து போவாள். "பொம்பளைப் பிள்ளைக்கு இந்த நேரத்தில் என்ன வேலை?" என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். "போய்ச் சேர்ந்தாயா?" என்று போனில் கேட்டால் போதும். இத்தனை காலம் அதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இனி மாப்பிள்ளை கேட்கட்டும், நானும் கேட்பேன். இரண்டு பேருக்கும் அவள் பதில் சொல்லட்டும்.

கயல், அழாதே அம்மா. கல்யாணம் தை மாதம்தான், அதுவரை நம் வீட்டில்தான் இருக்கப்போகிறாய்.

லக்னப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு ஐயர் கடிகாரத்தையே பார்க்கிறார். பெரியவர்கள் மேடைக்கு வந்து தாம்பூலத் தட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். தாய்மாமன் முன்னால் வரட்டும். எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.