வெள்ளிக்கிழமை ரவுண்டை நிறுத்திவையுங்கள், மேடம்

பொருள்: ஃபினிஷிங் மேனேஜர் வேலை – 19-ந் தேதி மூன்றாம் ரவுண்டு – நிறுத்திவைக்க வேண்டி

கவிதா மேடம் அவர்களுக்கு,

வணக்கம். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று, திங்கட்கிழமை, எங்கள் கம்பெனியில் என்னை புரொடக்‌ஷன் மேனேஜராக உயர்த்தி ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அதனால் வெள்ளிக்கிழமை டைரக்டருடன் வைத்திருக்கும் ரவுண்டுக்கு நான் வரவில்லை. இந்த வேலைக்கு என் பெயரை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். டைரக்டர் வெளியூரிலிருந்து வருகிறார் என்று சொல்லியிருந்தீர்கள். அவருக்கு முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் வார இறுதிவரை தள்ளாமல் இன்றே எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் மூன்று வரி அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்த ஏழு வாரமும் போனில் தமிழில்தான் பேசியிருக்கிறோம். இரண்டாம் ரவுண்டு அன்று ஏலகிரி எக்ஸ்பிரஸ் தாமதமாகி நான் அரக்கோணத்தில் தவித்தபோது, அங்கே பேசி நேரத்தைத் தள்ளிவைத்தது நீங்கள். அப்படிப்பட்டவரிடம் 'தனிப்பட்ட காரணங்களால்' என்று எழுத மனம் வரவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் மேனேஜர் பாயைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கிறேன். மேல்விஷாரத்துக்காரர். முப்பது வருடமாகத் தோல் ஷாப்பிலேயே வாழ்ந்தவர். ஈரத் தரையில் நின்று நின்று அவருக்கு முழங்கால் போய்விட்டது. அடுத்த வருடம்தான் ஓய்வு என்று இருந்தார். போன வாரம் டாக்டர் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டதால் இந்த மாதத்தோடு நிற்கிறார். எனக்கே சனிக்கிழமைதான் தெரியும். நீங்கள் என்னை அழைத்த நாளில் இப்படி ஓர் ஏற்பாடு இருந்து அதை நான் மறைத்தேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். அன்றைக்கு எனக்கு மேலே போக இங்கே வழியே இல்லை. அதனால்தான் உங்களிடம் சரி என்றேன்.

நேற்று முதலாளி ஆர்டரைக் கொடுத்த பிறகு பாய் என்னை ஃபினிஷிங் செக்‌ஷனுக்குக் கூட்டிப்போனார். அலமாரியைத் திறந்து ஷேட் புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தார். பழைய கணக்கு நோட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி ஸ்டேப்ளர் அடித்த தோல் துண்டுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் பால்பாயிண்டில் தேதி, லாட் நம்பர், எந்தப் பிக்மெண்ட் எத்தனை பங்கு என்ற கணக்கு. ஒரு பழுப்புத் துண்டின் பின்னால் 'மழை, காயவில்லை, பார்ட்டி திருப்பிவிட்டான்' என்று எழுதியிருக்கிறது. பதினோரு வருடமாக அந்தப் புத்தகத்தை அவர் கையில் பார்த்திருக்கிறேனே தவிர நான் தொட்டதில்லை. அதை வாங்கிய கையோடு வெள்ளிக்கிழமை லீவு கேட்டு, இன்னொரு கம்பெனியில் போய் உட்கார்ந்து 'சேர எவ்வளவு நாள் ஆகும்' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல என்னால் முடியாது.

இது வெறும் நெகிழ்ச்சி என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலையே மாறிவிட்டது. இதுவரை தோல் மட்டும்தான் என் பொறுப்பு. இனி தண்ணீரும் என் தலையில். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, இந்தப் பக்கத்தில் டிரம்மும் சாயமும் தெரிந்தால் மட்டும் ஒருவர் மேனேஜர் ஆகிவிட முடியாது. கழிவுநீர் ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. ஆர்.ஓ.வில் ஒதுங்கும் உப்புத் தண்ணீர் எவாப்பரேட்டருக்குப் போகிறது, அங்கே காய்ச்சி எடுத்த உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் நிற்கிறது. அந்த மூட்டைக் கணக்குக்கும் இனி நான்தான் கையெழுத்து. பிப்ரவரியில் லெதர் ஒர்க்கிங் குரூப் ஆடிட் வேறு வருகிறது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கரண்ட், தோல் எங்கிருந்து வந்தது என்று எல்லாவற்றையும் கேட்பார்கள். பாயும் இல்லை, நானும் பாதியில் கிளம்பினேன் என்றால் அந்த ஆடிட்டில் உட்கார ஆள் இல்லை.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகவே சொல்கிறேன். எப்படியும் நீங்கள் கேட்பீர்கள். 58 ஆயிரம் வாங்கிக்கொண்டிருந்தேன், இந்த மாதத்திலிருந்து 76 ஆயிரம். உங்கள் பார்ட்டி 90 வரை வருவார்கள் என்றீர்கள். பதினாலாயிரம் வித்தியாசம் சின்னதில்லை, மறுக்கவில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வீடு எடுத்தால் அதில் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடும். மனைவிக்கு வேலூரில் ஆஸ்பத்திரி வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும். பெண் ஒன்பதாவது படிக்கிறாள். இதையெல்லாம் முன்பே யோசித்துத்தான் உங்களிடம் சரி சொன்னேன். இங்கே இருந்தால் மேலே போக வழியில்லை என்ற ஒரே காரணம்தான் அப்போது எடையைச் சாய்த்தது. அந்தக் காரணம் நேற்றோடு போய்விட்டது.

இன்னொன்று. 'இருங்கள், 90-ஐ 1 லட்சமாக்க முடியுமா என்று பேசிப் பார்க்கிறேன்' என்று நீங்கள் சொல்லக்கூடும். வேண்டாம், மேடம். இது விலை ஏற்றுவதற்காக எழுதும் மெயில் இல்லை. அதே மாதிரி உங்கள் ஆஃபரைக் காட்டி நான் இங்கே பதவி வாங்கவும் இல்லை. நான் வெளியே பேசிக்கொண்டிருந்தது எங்கள் கம்பெனியில் இன்றுவரை யாருக்கும் தெரியாது, பாய் ஒருவரைத் தவிர. அவரிடமும் நேற்றுதான் சொன்னேன். ரெஃபரன்ஸுக்கு அவர் நம்பரைத்தானே கொடுத்திருந்தேன். கேட்டுவிட்டு, 'போன் வந்திருந்தால் நல்லவிதமாகத்தான் சொல்லியிருப்பேன் தம்பி' என்றார். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. இனி அவருக்குப் போன் செய்ய வேண்டாம். ஆபரேஷனுக்குப் போகிறவர்.

நிறுத்திவையுங்கள் என்று நான் சொல்வதன் பொருளையும் தெளிவாக எழுதிவிடுகிறேன், பின்னால் குழப்பம் வேண்டாம். எனக்காக அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கச் சொல்லவில்லை. உங்கள் பட்டியலில் எனக்கு அடுத்து இருப்பவரை நாளைக்கே அனுப்புங்கள். நிற்பது என் விண்ணப்பம் மட்டும்தான், அவர்கள் தேடல் இல்லை. ஆள் சேர்ந்த பிறகுதான் உங்களுக்கு ஃபீஸ் என்பது எனக்குத் தெரியும். ஏழு வாரம் ஓடியது என்னால் வீணாயிற்று, அதற்கு மன்னியுங்கள். ஏப்ரல் வரை வேறு எந்த வேலைக்கும் என் ரெஸ்யூமை அனுப்ப வேண்டாம். ஆடிட் முடிந்து, இந்த நாற்காலி எனக்குப் பொருந்துகிறதா என்று தெரிந்த பிறகு, ஏப்ரல் கடைசி வாரத்தில் நானே உங்களைக் கூப்பிடுகிறேன். அப்போது 'இங்கேயே நன்றாக இருக்கிறேன்' என்றும் சொல்லலாம். இப்போதே வாக்குக் கொடுத்து உங்களைக் காத்திருக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. மேனேஜர் கிரேடுக்கு நோட்டீஸ் 60 நாளிலிருந்து 90 நாளாகிவிட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'இரண்டு மாதத்தில் வந்துவிடுவார்' என்று இனி யாரிடமும் சொல்ல முடியாது.

உங்கள் பார்ட்டிக்கு அனுப்ப வசதியாக இருக்கட்டும் என்று கீழே ஒரு குறிப்பு தருகிறேன். அப்படியே அனுப்பலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, இரண்டு ரவுண்டிலும் நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. தற்போது பணிபுரியும் நிறுவனத்தில் 15-ந் தேதி எனக்குப் பதவி உயர்வு வழங்கப்பட்டு, அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன். புதிய பொறுப்பை எடுத்த நிலையில் தங்கள் நேர்காணலைத் தொடர்வது முறையாகாது என்பதால் 19-ந் தேதி சந்திப்புக்கு வர இயலவில்லை. தங்கள் தொழிற்சாலையைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ எனக்கு எந்தக் குறையும் இல்லை. வேறொரு சமயத்தில் தங்களுடன் பேசும் வாய்ப்பு அமைந்தால் மகிழ்வேன்."

குறை இல்லை என்றது மரியாதைக்காகச் சொன்னதில்லை. அவர்களுடைய டெக்னிக்கல் ஹெட் குரோம் சிக்ஸைப் பற்றிக் கேட்ட விதம் எனக்குப் பிடித்தது. ஐரோப்பாவுக்குப் போகும் தோலில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராம் தொட்டால் சரக்கு திரும்பிவிடும். பெரும்பாலான இடங்களில் 'எந்த லேப் ரிப்போர்ட் இருக்கிறது' என்றுதான் கேட்பார்கள். இவர் 'உங்கள் ஃபேட்லிக்கரில் மீன் எண்ணெய் எவ்வளவு, நியூட்ரலைசேஷனில் பி.ஹெச். எதுவரை ஏற்றுகிறீர்கள்' என்று கேட்டார். நோய் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது. அவரிடம் வேலை பார்க்க ஆசை இருந்தது, இப்போதும் இருக்கிறது. என் பதில் பாதியில் நின்றுபோனது என்று அவரிடம் சொல்லுங்கள். பி.ஹெச்.சைக் குறைத்ததோடு நாங்கள் நிற்கவில்லை, கடைசியில் கொஞ்சம் வெஜிடபிள் டானினும் சேர்த்தோம். அதற்குப் பிறகுதான் ரிசல்ட் நிலையாக நின்றது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரிந்ததுதான்.

அப்புறம் காகிதங்கள். மூன்று மாதச் சம்பள ரசீது, ஆதார் நகல், டிப்ளமோ சான்றிதழ் அனுப்பியிருந்தேன். ரெஸ்யூம் உங்களிடம் இருக்கட்டும். ஆதாரையும் சம்பள ரசீதையும் உங்கள் ஃபைலிலிருந்து எடுத்துவிடுங்கள், அந்தக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தால் அவர்களையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். இந்த நிலையில் அவை எங்கேயும் சுற்றிக்கொண்டிருப்பது எனக்கு நல்லதில்லை. எடுத்ததும் ஒரு வரி பதில் போதும்.

பேச வேண்டும் என்றால் மாலை ஆறரைக்கு மேல் கூப்பிடுங்கள். பகலில் ஷாப்புக்குள் டிரம் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. போதாக்குறைக்கு இந்த வாரம் வருகிறவர் போகிறவர் எல்லாம் மக்கன் பேடா எங்கே என்று கேட்கிறார்கள். நேற்று ஆற்காட்டிலிருந்து இரண்டு கிலோ வாங்கிவந்தேன். ஸ்பிரே செக்‌ஷனைத் தாண்டவே இல்லை.

இப்படிக்கு,
சுரேஷ்
ராணிப்பேட்டை

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வாலாஜா டோல்கேட்டில் என்னை ஏற்றிக்கொள்ள அவர்கள் கார் அனுப்புவதாக இருந்தது. அதை மறக்காமல் ரத்து செய்யச் சொல்லிவிடுங்கள். டிரைவர் விடிகாலையில் சும்மா வந்து நிற்கப் போகிறார்.