இரண்டாம் யூனிட்டில் கத்தலுக்கு நாம் கட்டும் பில்

மேனேஜிங் டைரக்டர் சார் அவர்களுக்கும் டைரக்டர்கள் இருவருக்கும்,

போன மாதக் கூட்டத்தில் இரண்டாம் யூனிட் புரொடக்‌ஷன் மேனேஜர் பற்றிப் பேச்சு வந்தது. "வாய் கொஞ்சம் ஓவர்தான், ஆனா ஷிப்மென்ட் போகுதில்ல" என்று அதோடு விட்டுவிட்டோம். நானும் தலையாட்டினேன். அன்றைக்கு என் கையில் கணக்கு இல்லை. இந்த மூன்று வாரத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன். யார் மனம் எவ்வளவு நொந்தது என்று இதில் எழுதவில்லை. பணம் எங்கே போகிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் ஜெர்மனி பையருக்கு 18,400 பீஸ் ஏரில் அனுப்பினோம், நினைவிருக்கும். பீஸுக்கு 220 கிராம், மொத்தம் 4,048 கிலோ, கிலோவுக்கு ரூ.250. எஃப்ஓபி ஆர்டர் என்பதால் கப்பலில் போயிருந்தால் சரக்குக் கட்டணம் பையருடையது. தாமதம் நம்முடையது என்பதால் ரூ.10,12,000 நாம் கட்டினோம். ஃபைலில் காரணம் "டையிங் தாமதம்" என்று இருக்கிறது. அது பாதி உண்மை.

நேவி துணி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. துணி செக்கிங்கில் இருந்த தம்பி லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்திருக்கிறார். பையர் அப்ரூவ் செய்த ஷேடுக்கும் இதற்கும் சிவப்பில் வித்தியாசம் அப்போதே தெரிந்திருக்கிறது. ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்னால் வேறொரு லாட்டில் ஓட்டை இருக்கிறது என்று சொன்னதற்கு, கட்டிங் டேபிள்கள் முன்னால் மேனேஜர் வீசிய ரோல் கார்டு அவர் முகத்தில் வந்து விழுந்திருக்கிறது. "உனக்குச் சம்பளம் குடுக்கறது லைனை நிறுத்தறதுக்கா?" என்று கேட்டு, ஒரு மணி நேரம் வாசலில் நிற்க வைத்திருக்கிறார். அதனால் இந்த முறை அவர் ஷேட் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். கட்டிங் முடிந்து, இரண்டு லைன் தைத்து, இன்லைன் இன்ஸ்பெக்‌ஷனில் பையரின் ஆள் கண்டுபிடிக்கும்போது 11 நாள் போயிருந்தது.

வேலையை விட்டுப் போகிற அன்று அந்தத் துண்டை என் மேஜையில் வைத்தார். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா சுத்தி அவர்கிட்டதானே சார் வரும்" என்றார். அது சரிதான். இரண்டாம் யூனிட் புகார் எதுவும் அவர் கையெழுத்து இல்லாமல் எனக்கு வராது. அந்த ஏற்பாட்டைச் செய்தது நான். அந்தத் தப்பு என் மேல்.

துணி நஷ்டத்தை மேலே சொன்ன தொகையில் சேர்க்கவில்லை. டையிங்காரரோடு பேச்சு இன்னும் முடியவில்லை.

அடுத்தது, போனவர்கள். இரண்டு வருஷத்தில் இரண்டாம் யூனிட்டில் மெர்ச்சண்டைசர், சூப்பர்வைசர், குவாலிட்டி ஆட்கள் 31 பேரில் 13 பேர் போய்விட்டார்கள். முதல் யூனிட்டில் அதே வேலைகளில் 34 பேரில் 4 பேர். ஊர், சம்பளம், பஸ் எல்லாம் ஒன்றுதான். 4 பேர் எப்படியும் போவார்கள் என்று கழித்தாலும் 9 பேர் மிஞ்சுகிறார்கள். ஒருவருக்குச் சராசரிச் சம்பளம் ரூ.32,000. கன்சல்டன்சிக்கு ஒரு மாதச் சம்பளம். புது ஆள் பையரின் பழக்கத்தைப் பிடிக்க நாலு மாதம் ஆகிறது, அதுவரை பாதி வேலைதான், ஆகவே ரூ.64,000. இன்டர்வியூ, பழைய ஆட்கள் சொல்லிக்கொடுக்கிற நேரம் ரூ.10,000. தலைக்கு ரூ.1,06,000 வீதம் 9 பேருக்கு ரூ.9,54,000. டைலர்கள் இந்தக் கணக்கில் இல்லை. அவர்கள் சொல்லாமல் நின்றுவிடுவதால் காரணத்தை என்னால் பிரித்துக் காட்ட முடியவில்லை.

இரண்டும் சேர்ந்து ரூ.19,66,000. அவருடைய வருஷச் சம்பளம் ரூ.14,40,000.

"அவர் யூனிட் எஃபிஷியன்சி அதிகமாச்சே" என்று கேட்பீர்கள். அதிகம்தான். 58 சதவீதம், முதல் யூனிட் 54. ஆனால் லைன் கடைசியில் எண்ணுகிற பீஸை வைத்துத்தான் நாம் எஃபிஷியன்சி போடுகிறோம். ஆல்டருக்குத் திரும்பி வருகிற பீஸும் அதில் ஒரு முறை எண்ணப்பட்டுவிடுகிறது. இரண்டாம் யூனிட்டில் ஆல்டர் 11 சதவீதம், முதல் யூனிட்டில் 6. பயந்து ஓட்டுகிற லைன் வேகமாகத்தான் ஓடும். தையல் விட்டது தெரிந்தாலும் கையைத் தூக்காது. ஆல்டரைக் கழித்துப் பார்த்தால் அந்த 4 புள்ளியில் ஒன்று கூட மிஞ்சுவது சந்தேகம்.

அவரைப் பிடிக்காததால் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மனிதர் உழைப்பாளி, ராத்திரி பத்து மணிக்கும் பேக்கிங்கில் நிற்பார். திறமையும் இப்படி ஒரு குணமும் ஒரே ஆளிடம் இருப்பது புதிதல்ல. 2015-இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் வெளியிட்ட ஓர் ஆய்வு 11 நிறுவனங்களில் 50,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதிவுகளைப் பார்த்தது. ஒழுங்கீனத்துக்காக வேலையிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் பலர் வேகமாக வேலை செய்கிறவர்களாகவே இருந்தார்கள். அப்படி ஒருவரைத் தவிர்த்தால் மிச்சம் சுமார் 12,500 டாலர். முதல் 1 சதவீதத்தில் வரும் திறமைசாலி ஒருவரைப் பிடித்தால் கிடைப்பது சுமார் 5,300 டாலர். அமெரிக்கக் கணக்கு, நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் எந்தப் பக்கம் கனம் என்பது தெரிகிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2013-ஆம் வருஷச் சட்டம் பெண்கள் மீதான பாலியல் தொல்லைக்கு மட்டும்தான். கத்துவதற்கும் அவமானப்படுத்துவதற்கும் நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஆனால் பையரிடம் இருக்கிறது. நம் ஆடிட்டில் பார்க்கிற இடிஐ அடிப்படை விதிகளில் 9-ஆவது பிரிவு திட்டுவதையும் மிரட்டுவதையும் நேரடியாகத் தடுக்கிறது. 2021-இல் திண்டுக்கல் ஆலை ஒன்றில் பெண் தொழிலாளி கொல்லப்பட்டு, அவருடைய சூப்பர்வைசர் கைதானதை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே நடந்தது இதைவிடப் பல மடங்கு கொடுமை, இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆனால் 2022-இல் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலைச் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்தியது. பெரிய பிராண்டுகள் தொழிற்சங்கத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. உள்ளே சொல்ல வழி இல்லாத புகார் வெளியே எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது போதும். நமக்கு ஆகஸ்டில் ஆடிட். ஆடிட்டர் டைலர்களைத் தனியாக உட்கார வைத்துத்தான் பேசுவார்.

அவரை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான். எம்டி சார் நீங்களே அவரைக் கூப்பிட்டு, கத்துவது, பொருளை வீசுவது, நிற்க வைப்பது மூன்றும் அன்றோடு நிற்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் "எச்ஆர் பேச்சு" என்று போய்விடும். இரண்டாம் யூனிட் புகார்கள் நேராக எனக்கும் ஒரு டைரக்டருக்கும் வர வேண்டும். அவருடைய இன்சென்டிவை ஆல்டர் கழித்த பீஸுக்கும், ஆட்கள் நிற்பதற்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 90 நாள் கழித்து இதே எண்களை மறுபடி வைக்கிறேன். மாறவில்லை என்றால் அப்புறம் கணக்கு முடித்து அனுப்பும் முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். அதற்குள் துணை மேனேஜரைத் தயார் செய்துவிடலாம், ஷிப்மென்ட் நிற்காது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எனக்கு 20 நிமிஷம் வேண்டும். அவருடைய 15 சதவீத இன்கிரிமென்ட் கடிதம் டைப் ஆகி என் மேஜையில்தான் இருக்கிறது. அதுவரை அதை கையெழுத்துக்கு அனுப்பப் போவதில்லை.

இப்படிக்கு,
மனிதவள மேலாளர்