கரிம வேதியியல் ஆய்வறிக்கை: அனிலினிலிருந்து ஆரஞ்சுச் சிவப்பு அசோ சாயம்

இடம்: ஆறாம் படிவ ஆய்வுக்கூடம், சுங்கை சிப்புட், பேராக்

நோக்கம்: அனிலினை டயசோ ஆக்கம் செய்து, 2-நாஃப்தாலுடன் இணைத்து, 1-பினைல்அசோ-2-நாஃப்தால் (சூடான் I) தயாரித்தல்.

செய்முறை

மதிய வேளையில் கூடத்தின் வெப்பம் 31 °C. அதனால் சந்தை மீன்கடையிலிருந்து ஐஸ் வாங்கி, நொறுக்கி, உப்புத் தூவித் தொட்டி நிறைய வைத்த பிறகே மருந்துகளைத் தொட்டோம். 2.0 மி.லி. அனிலினை நீரில் கலந்து, 6 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, 5 °C-க்குக் கீழே குளிர வைத்தோம். 1.6 கி. சோடியம் நைட்ரைட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். இவ்வினை வெப்பத்தை வெளியிடும். வேகமாக ஊற்றினால் ஐஸில் இருந்தாலும் குடுவைக்குள் சூடு ஏறிவிடும். ஸ்டார்ச்-அயோடைடு தாள் நீலமானதும் நிறுத்தினோம். அப்புறம் 3.2 கி. 2-நாஃப்தாலைச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, அதையும் குளிர வைத்து, டயசோனியம் கரைசலை அதில் கலந்தோம். முதல் சொட்டு விழுந்த இடத்திலேயே ஆரஞ்சுச் சிவப்பு படர்ந்தது.

C6H5NH2 + NaNO2 + 2HCl → C6H5N2Cl + NaCl + 2H2O

குளிர் ஏன்?

டயசோனியம் அயனியில் நைட்ரஜன் இரண்டும் ஏற்கெனவே N2 வாயுவின் வடிவத்துக்கு மிக அருகில் இருக்கின்றன. சற்றே வெப்பம் கிடைத்தாலும் அவை வாயுவாகப் பிரிந்துவிடும். காலியான கார்பனை நீர் பிடித்துக்கொள்ள, ஃபீனால் உருவாகும்.

C6H5N2Cl + H2O → C6H5OH + N2 + HCl

இதைக் கண்ணால் பார்க்க, டயசோனியம் கரைசலில் சிறிது தனியே எடுத்து 50 °C வெந்நீரில் வைத்தோம். சோடாவைப்போலக் குமிழ் பொங்கியது, ஃபீனால் வாடை வந்தது, கரைசல் பழுப்பாகிப் பிசுபிசுத்தது. மிஞ்சிய டயசோனியம் அந்த ஃபீனாலுடனேயே இணைந்து வேறு சாயத்தைத் தருவதும் இந்தப் பழுப்புக்கு ஒரு காரணம். வேண்டிய சாயம் இதிலிருந்து கிடைக்காது.

நைட்ரஸ் அமிலமும் சூடு தாங்காது; சிதைந்து நைட்ரிக் ஆக்சைடாக வெளியேறும். அப்போது அனிலினில் ஒரு பகுதி வினைபுரியாமல் நிற்கும். ஆக, குளிர் காப்பது இரண்டு பொருள்களை. டயசோனியம் உப்பைத் திடப்பொருளாகப் பிரித்தெடுக்க நாங்கள் முயலவில்லை. உலர்ந்தால் அது வெடிக்கக்கூடியது, ஆகவே கரைசலாகவே உடனே பயன்படுத்தினோம்.

முடிவுகள்

எத்தனாலில் மறுபடிகமாக்கி உலர்த்திய சாயம் 4.2 கி. அனிலின் அளவின்படி கிடைக்க வேண்டியது 5.4 கி.; விளைச்சல் 78%. உருகுநிலை 129–131 °C. தூய பொருளுக்கு 131–133 °C என்பதால் சிறிது மாசு எஞ்சியிருக்கிறது. சூடான் I உணவில் தடைசெய்யப்பட்டது. எடையிட்டதிலிருந்து புட்டியில் அடைத்தது வரை கையுறையைக் கழற்றவில்லை.